மூணு பேருக்கும் 40 தான், ஆனால் ஒரே சட்டை இல்லை

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன், தம்பி, மச்சான் என்று மூன்று பேர் ஒரு கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் நான் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். ரெடிமேட் சட்டையை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வருவது இங்கே வழக்கம்தான். பையில் ஒரே நிறத்தில், ஒரே துணியில் மூன்று சட்டைகள். தங்கச்சி கல்யாணத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரி போட வேண்டும் என்று எடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் 40 என்று போட்டிருந்தது, மூன்றும் ஸ்லிம் கட். தம்பிக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அண்ணனுக்கு வயிற்றுக்கிட்டே பட்டன் சேரவில்லை. மச்சானுக்குப் பட்டன் சேர்கிறது, கையைத்தான் முன்னால் நீட்ட முடியவில்லை.

"அக்கா, மூணு பேருக்கும் டேப் வெச்சுப் பாருங்க, மார்பு நாப்பதுதான் வருது. அப்புறம் ஏன் ஏற மாட்டேங்குது?" என்று அண்ணன் கேட்டார்.

நல்ல கேள்வி. மூன்று பேரையும் நிற்க வைத்து அளந்தேன். அவர் சொன்னது சரி, மூவருக்கும் மார்பு 40 இன்ச். சட்டையிலும் கோளாறு இல்லை. 40 என்ற எண் மார்பை மட்டும்தான் சொல்கிறது. அந்த 40-ஐச் சுற்றி எவ்வளவு லூஸ் விட்டிருக்கிறார்கள், மார்புக்குக் கீழே துணியை எவ்வளவு உள்ளே வாங்கியிருக்கிறார்கள், தோளையும் கையையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை ஸ்லிம், ரெகுலர், கிளாசிக், ரிலாக்ஸ்ட் என்ற பெயர்தான் சொல்லும். கடையில் எல்லோரும் எண்ணைப் பார்க்கிறார்கள். பெயரை ஃபேஷன் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

வித்தியாசத்தைக் கண்ணால் காட்டலாம் என்று, கடையில் ஆல்டருக்கு வந்திருந்த சட்டைகளில் 40 சைஸ் உள்ள நான்கை எடுத்து மேஜையில் விரித்தேன். ஒவ்வொரு கட்டிலும் ஒன்று. பட்டன் எல்லாவற்றையும் போட்டு, சுருக்கமில்லாமல் தடவிவிட்டு, ஒரு கக்கத்துத் தையலிலிருந்து இன்னொரு கக்கத்துத் தையல் வரை டேப்பை வைக்க வேண்டும். வருகிற அளவை இரட்டித்தால் சட்டையின் மார்புச் சுற்று.

ஸ்லிம் 44 வந்தது. ரெகுலர் 46. கிளாசிக் 47.5. ரிலாக்ஸ்ட் 49. நான்கின் லேபிளிலும் 40 தான். அதாவது 40 இன்ச் மார்புக்காரருக்கு ஸ்லிம்மில் சுற்றிலும் 4 இன்ச் லூஸ் கிடைக்கிறது, ரிலாக்ஸ்ட்டில் 9 இன்ச். சட்டை எப்போதும் உடம்பைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், இல்லையென்றால் மூச்சு விட முடியாது. எவ்வளவு பெரிது என்பதில்தான் கட்டுக்குக் கட்டு வித்தியாசம்.

மார்பில் 5 இன்ச் வித்தியாசம் என்பது பெரிதாகத் தோன்றும். உண்மையான வித்தியாசம் அதற்குக் கீழேதான் இருக்கிறது. நடு வயிற்று மட்டத்தில் அளந்தபோது ஸ்லிம் 40.5, ரெகுலர் 43.5, கிளாசிக் 46.5, ரிலாக்ஸ்ட் 49. முதலுக்கும் கடைசிக்கும் எட்டரை இன்ச். ஸ்லிம் சட்டை மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கும்போது மூன்றரை இன்ச் உள்ளே வாங்குகிறது. பக்கத் தையல் வளைந்து இறங்கும். முதுகில் இரண்டு பக்கமும் மீன் மாதிரி நடுவில் அகன்று இரு முனையிலும் கூராக முடியும் மடிப்புத் தையல், அதாவது டார்ட் பிடித்திருப்பார்கள். ரெகுலரில் இரண்டரை இன்ச்தான் உள்ளே வரும், பெரும்பாலும் டார்ட் இருக்காது. கிளாசிக் கிட்டத்தட்ட நேராகவே இறங்கும். ரிலாக்ஸ்ட் பெட்டி மாதிரி, மேலே இருப்பதுதான் கீழேயும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இவை என் மேஜையில் அன்று கிடந்த நான்கு சட்டைகளின் அளவு. வேறு கம்பெனி சட்டையில் ஒரு இன்ச் முன்னே பின்னே வரும். சில கம்பெனிகளில் ரெகுலரும் கிளாசிக்கும் ஒன்றேதான். சிலர் கிளாசிக்கை கம்ஃபர்ட் என்று எழுதுவார்கள். ஒரு கடையின் ரெகுலர் இன்னொரு கடையின் கிளாசிக்காக இருக்கும். ஆனால் ஸ்லிம்மில் தொடங்கி ரிலாக்ஸ்ட் வரை மார்பைவிட வயிற்றில்தான் துணி வேகமாகக் கூடிக்கொண்டு போகும் என்ற வரிசை அநேகமாக எல்லா இடத்திலும் சரியாக வரும்.

ஆகவே சட்டை எடுக்கப் போகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று மார்பு. இன்னொன்று தொப்புள் மட்டத்தில் வயிறு. பேன்ட் சைஸை வயிற்று அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறைய பேர் பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே கட்டுகிறார்கள், 36 பேன்ட் போடுகிறவருக்கு வயிறு 41 இருக்கும். வயிற்றை இரண்டு தடவை அளக்க வேண்டும், நின்று ஒரு முறை, உட்கார்ந்து ஒரு முறை. உட்கார்ந்தால் ஒன்றரை, இரண்டு இன்ச் கூடிவிடும். கண்ணாடி முன்னால் நிற்கும்போது சரியாக இருந்த சட்டை பந்தியில் உட்கார்ந்ததும் பட்டனுக்கு நடுவில் வாய் பிளப்பது இதனால்தான்.

தம்பிக்கு வயிறு 34. ஸ்லிம் சட்டையின் 40.5-ல் அவருக்கு ஆறரை இன்ச் லூஸ். இன் செய்து பெல்ட் கட்டினால் பேன்ட்டுக்குள் அழகாக அடங்கும். இதே தம்பி கிளாசிக் போட்டால் வயிற்றில் 12.5 இன்ச் துணி மிஞ்சும். இன் செய்ததும் பெல்ட்டுக்கு மேலே பலூன் மாதிரி தொங்கும், அதை முதுகுப் பக்கம் மடித்துச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். ரெகுலரில் ஒன்பதரை மிஞ்சும், வெளியே விட்டுப் போட்டால் பரவாயில்லை, இன் செய்தால் கொஞ்சம் தெரியும். தம்பிக்கு ஸ்லிம்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

அண்ணனுக்கு நின்றால் 41, உட்கார்ந்தால் 43. ஸ்லிம்மின் 40.5 அவருக்கு நிற்கும்போதே அரை இன்ச் போதவில்லை. இதில் பட்டன் எப்படிச் சேரும்? ரெகுலரில் நிற்கும்போது இரண்டரை இன்ச் இருக்கும், உட்கார்ந்தால் அரை இன்ச்தான். கடையில் நின்று பார்த்து "சரியா இருக்கே" என்று வாங்கிவிடுவார், மணவறைக்குப் பக்கத்தில் உட்காரும்போதுதான் தெரியும். கிளாசிக்கில் நின்றால் ஐந்தரை, உட்கார்ந்தால் மூன்றரை. அதுதான் அவருக்கு.

ஆனால் அண்ணன் முதலில் செய்தது வேறு. ஸ்லிம் 40 சேரவில்லை என்றதும் அதே கடையில் போய் ஸ்லிம் 44 கேட்டிருக்கிறார். அதையும் பையில் வைத்திருந்தார். "பெரிய சைஸ் எடுத்தாச்சு, இப்ப தோளைக் கொஞ்சம் உள்ள வாங்கிக் குடுங்க" என்பதுதான் என்னிடம் வந்த வேலை. தினமும் நான் பார்க்கிற தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு சைஸ் ஏற்றினால் வயிறு மட்டும் ஏறாது. மார்பு 2 இன்ச், தோள் அரை இன்ச், காலர் அரை இன்ச், கையின் அகலம், சட்டையின் நீளம் எல்லாமே சேர்ந்து ஏறும். 40-லிருந்து 44-க்குப் போக இரண்டு படி. அந்த ஸ்லிம் 44-ஐ அளந்தேன். மார்பு 48, வயிறு 44.5, தோள் 18.75, காலர் 17. அண்ணனின் தோள் 18.25, கழுத்து 15.5. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் போனால் போதும், இதில் நாலு விரலும் சேர்ந்து போயிற்று. மேல் பட்டனைப் போட்டால் காலர் கழுத்தை விட்டு விலகி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. இவ்வளவும் பெரிதாகிவிட்ட பிறகு வயிற்றில் என்ன கிடைத்தது? 44.5. அதே 40 சைஸில் கிளாசிக் எடுத்திருந்தால் 46.5 கிடைத்திருக்கும். இரண்டு சைஸ் ஏற்றியும், சைஸ் ஏற்றாத கிளாசிக்கைவிட வயிற்றில் 2 இன்ச் குறைவு. காலரும் தோளும் கெட்டது தனி.

சைஸ் மாற்றினால் சட்டை முழுக்க மாறும். கட் மாற்றினால் காலர் அப்படியே இருக்கும், தோள் கொஞ்சம்தான் நகரும், உடம்புப் பகுதிதான் மாறும். தோளும் காலரும் சரியாக இருந்து வயிறு பிடித்தால் கட்டை மாற்றுங்கள், சைஸைத் தொடாதீர்கள். காலரும் தோளும் மார்பும் எல்லாமே பிடித்தால் மட்டும் அடுத்த சைஸ்.

தோளை உள்ளே வாங்கச் சொன்னாரே, அதை நான் மறுத்துவிட்டேன். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையை முழுசாகப் பிரித்து, தோள் ஓரத்தை வெட்டி, கை ஏறுகிற ஓட்டையான ஆம்ஹோலுக்குத் திரும்ப வடிவம் கொடுத்து, கையை மறுபடி ஏற்ற வேண்டும். ரெடிமேட் சட்டையில் அந்தத் தையல் மடித்து இரட்டைத் தையலாகப் போட்டது. பிரித்தால் ஊசித் துளை வரிசையாகத் தெரியும். கட்டம் போட்ட துணியாக இருந்தால் கட்டம் சேராது. கூலியும் புதுச் சட்டை விலையில் பாதிக்கு வந்து நிற்கும். ரெடிமேட் எடுக்கும்போது தோள் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் உட்கார வேண்டும். மற்றதை என்னால் ஓரளவுக்குச் சரிசெய்ய முடியும்.

இப்போது மச்சான். இவர் கதைதான் கொஞ்சம் சிக்கல். வடசென்னையில் பாக்சிங் பயிற்சி எடுக்கிற பையன்கள் நிறைய உண்டு, இவரும் அதில் ஒருவர். மார்பு 40, வயிறு 33, ஒட்டின வயிறு. பார்த்த உடனே யாரும் ஸ்லிம்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வயிற்றுக் கணக்கும் ஸ்லிம் என்றுதான் சொல்கிறது. ஆனால் சட்டையைப் போட்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னேன். முதுகின் மேல்பகுதியில் ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்குக் கோடு போட்ட மாதிரி சுருக்கம் விழுந்தது. மேல் கையில் துணி ஒட்டிக்கொண்டு நின்றது. கையை மடக்கி அளந்தால் அவருக்கு 14.5 இன்ச், அந்த ஸ்லிம் சட்டையின் கை 14.25. தோள் 18.25 தேவை, ஸ்லிம்மில் 17.75 தான். தையல் தோள் எலும்புக்கு உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தது.

ஸ்லிம் என்றால் வயிறு மட்டும் ஒல்லி என்று நினைக்கிறோம். அந்தக் கட்டில் தோள், கை, ஆம்ஹோல், முதுகு அகலம் எல்லாமே ஒல்லி. மெலிந்த உடம்புக்காக வரைந்த கட் அது. உடற்பயிற்சி செய்து தோளும் கையும் திரண்ட உடம்புக்கு, வயிறு எவ்வளவு ஒட்டியிருந்தாலும், அது மேலே பிடிக்கும். முதுகில் விழுகிற அந்தக் குறுக்குச் சுருக்கம்தான் அடையாளம். வயிறு பிடித்தால் சுருக்கம் முன்னால் ஒரு பட்டனை மையமாக வைத்துப் பெருக்கல் குறி மாதிரி விழும். முதுகு பிடித்தால் பின்னால் குறுக்கே விழும். எந்த இடத்தில் சுருக்கம் என்று பார்த்தால் எந்தக் குறை என்று தெரிந்துவிடும்.

மேஜையில் இருந்த ரெகுலர் 40-ஐப் போட்டுப் பார்த்தோம். தோள் 18.25, அச்சாகப் பொருந்தியது. கை 15.75, மடக்கினாலும் ஒன்றேகால் இன்ச் மிச்சம். தோளுக்குக் கீழே இரட்டைத் துணியாக வரும் யோக்கிலிருந்து இரண்டு பக்கமும் பிளீட் என்கிற சின்ன மடிப்பு இருந்ததால் கையை நீட்டும்போது முதுகு விரிந்து கொடுத்தது. வயிற்றில்தான் பத்தரை இன்ச் மிஞ்சியது. அதற்கு வழி இருக்கிறது. பின்னால் அவர் ரெகுலர் மாற்றிக்கொண்டு வந்ததும் முதுகில் இரண்டு டார்ட் பிடித்தேன், ஒவ்வொன்றும் ஒரு இன்ச் வாங்கும். வயிறு 41.5-க்கு வந்துவிட்டது. மேலே ரெகுலர், கீழே கிட்டத்தட்ட ஸ்லிம். இந்த மாதிரி உடம்புக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான். மேல் பகுதிக்குப் பொருந்துகிற கட்டை வாங்குங்கள், கீழ்ப் பகுதியைத் தைத்து உள்ளே வாங்கிக்கொள்ளலாம்.

உள்ளே வாங்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. பக்கத் தையலில் அரை இன்ச் உள்ளே போனால் முன் துணியில் அரை, பின் துணியில் அரை, இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 2 இன்ச் குறையும். டார்ட்டும் சேர்த்தால் 3, மூன்றரை இன்ச் வரை நிம்மதியாகக் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் மார்புப் பாக்கெட் பக்கவாட்டில் நழுவின மாதிரி தெரியும், அடிப்பக்கத்து வளைவு கோணும், கக்கத்தில் துணி சுருண்டு குத்தும். ரிலாக்ஸ்ட் சட்டையைக் கொண்டுவந்து ஸ்லிம்மாக்கித் தாருங்கள் என்று கேட்பார்கள். எட்டரை இன்ச்சை அப்படிக் குறைக்க முடியாது. அது வேறு சட்டை தைக்கிற வேலை.

பெரிதாக்குவது இன்னும் கஷ்டம். ரெடிமேட்டில் பக்கத் தையலுக்குள் மிச்சத் துணி விட்டிருக்க மாட்டார்கள். ஸ்லிம்மில் டார்ட் இருந்தால் அதைப் பிரித்து ஒன்றரை, இரண்டு இன்ச் விடலாம். புதுச் சட்டையாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பல தடவை துவைத்துச் சாயம் இறங்கிய பிறகு பிரித்தால், மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் பழைய நிறத்தில் இருக்கும், முதுகில் இரண்டு கோடு எழுந்து நிற்கும். அண்ணன் அதைத்தான் அடுத்துக் கேட்டார். டார்ட்டைப் பிரித்தால் 40.5 என்பது 42.5 ஆகும், அவர் உட்கார்ந்தால் 43. அதனால் பிரயோஜனம் இல்லை.

இவ்வளவு சொல்லியும் ரிலாக்ஸ்ட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு அது மூன்று பேருக்குமே சரிவராது. அதில் தோள் 19.5, தையல் தோள் எலும்பைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் அரை இன்ச்சுக்கு மேல் கீழே இறங்கி உட்காரும். அது பிழை இல்லை, அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். ஆம்ஹோலும் கீழே இறங்கி அகலமாக இருக்கும். வெளியே விட்டுப் போட வேண்டிய சட்டை, இன் செய்தால் எல்லாத் துணியும் இடுப்பில் வந்து சேர்ந்துகொள்ளும். வேட்டிக்கு மேலே விட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இவர்கள் பேன்ட் என்று முடிவு செய்திருந்தார்கள்.

ரிலாக்ஸ்ட்டுக்கு உரிய இடம் நம் ஊர் வெயில். கத்திரி வெயில் நாட்களில் கடற்கரையோரம் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வேர்வை சீக்கிரம் காயாது. ஸ்லிம் சட்டை முதுகில் ஒட்டினால் ஒட்டியதுதான். ரிலாக்ஸ்ட்டில் உடம்புக்கும் துணிக்கும் நடுவில் காற்று போய்வர இடம் இருக்கிறது. அண்ணன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் சாலையில் வண்டி வரிசையில் நிற்கும்போது கேபினுக்குள் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். வேலைக்குப் போடுகிற சட்டைக்கு ரிலாக்ஸ்ட் அரைக் கை எடுங்கள் என்று சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது முதுகு இழுக்காது, வயிற்றில் நின்றால் எட்டு இன்ச், உட்கார்ந்தால் ஆறு இன்ச் இடம் இருக்கும். தோள் இறங்குவதால் அரைக் கை முழங்கை வரை வந்துவிடும், அது உறுத்தினால் கையை ஒரு இன்ச் மடித்துத் தைத்துக்கொள்ளலாம். அது சுலபமான வேலை.

ஆம்ஹோல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். ஆம்ஹோல் பெரிதாக இருந்தால் கையைச் சுலபமாகத் தூக்கலாம் என்று நினைக்கிறோம். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துப் பாருங்கள். ரிலாக்ஸ்ட், கிளாசிக் இரண்டிலும் ஆம்ஹோல் கீழே இறங்கி இருப்பதால், கை மேலே போகும்போது சட்டை மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போகும். இன் செய்திருந்தால் வெளியே வந்துவிடும். ஸ்லிம்மில் ஆம்ஹோல் கக்கத்துக்கு ஒட்டி மேலே இருக்கும், கை தனியாக மேலே போகும், சட்டை பெல்ட்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் கையை முன்னால் நீட்டும்போது கதை மாறும், அங்கே முதுகு அகலமும் பிளீட்டும்தான் உதவும். அதனால் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் நின்று போகிற, இன் செய்கிற தம்பிக்கு ஸ்லிம் பொருந்துவது பார்வைக்காக மட்டும் இல்லை. கையை முன்னால் வைத்தே நாள் முழுக்க உட்காருகிற அண்ணனுக்கு லூஸ் கட் பொருந்துவதும் வயிற்றுக்காக மட்டும் இல்லை.

இன்னொன்று, துணி சுருங்குவது. சுத்தக் காட்டன் முதல் ஒன்றிரண்டு துவைப்பில் 2 சதவீதம், 3 சதவீதம் சுருங்கலாம். கேட்கும்போது சின்ன எண். 44 இன்ச் ஸ்லிம் சட்டையில் 3 சதவீதம் என்பது 1.3 இன்ச். அந்தச் சட்டையில் இருந்ததே 4 இன்ச் லூஸ்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு துவைப்பிலேயே போய்விடும். ரிலாக்ஸ்ட்டில் ஒன்றரை இன்ச் போனாலும் ஏழரை மிச்சம் இருக்கும், யாருக்கும் தெரியாது. ஸ்லிம் எடுக்கிறவர்கள்தான் துணியைப் பார்த்து எடுக்க வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போதே மார்பில் பிடிப்பது போல இருந்தால் சுத்தக் காட்டனில் அதை எடுக்காதீர்கள். பாலியெஸ்டர் கலந்தது குறைவாகச் சுருங்கும், கொஞ்சம் லைக்ரா கலந்தது இழுத்தால் கொடுக்கும். தம்பியின் சட்டை சுத்தக் காட்டன்தான், ஆனால் அவருக்கு எங்கேயும் பிடிக்கவில்லை. வெந்நீர் வேண்டாம், நிழலில் காயப்போடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

லேபிளில் இருக்கிற 40-லும் ஒரு குழப்பம் உண்டு. பிராண்ட் ஃபார்மல் சட்டை பலவற்றில் 38, 39, 40, 42 என்று வரும் எண் மார்பு இன்ச் கிடையாது, காலர் அளவு, சென்டிமீட்டரில். 39 என்று ஒரு சைஸ் வருவதே அதனால்தான். சில லேபிளில் எண்ணுக்குப் பக்கத்தில் செ.மீ. என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள், கவனித்துப் பாருங்கள். காலர் 40 செ.மீ. என்றால் இன்ச்சில் பதினாறுக்குக் கால் இன்ச் குறைவு. அந்தச் சட்டை 42 இன்ச் மார்புக்காரருக்காக வெட்டியதாகக்கூட இருக்கலாம். எம்.சி. ரோட்டில் குவியலில் கிடக்கிற சட்டையில் 40 என்றால் பெரும்பாலும் மார்பு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஆன்லைனில் எடுத்து ஏமாந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

இங்கே சின்னக் கடைகளில் போட்டுப் பார்க்க ரூம் இருக்காது. ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது. சட்டையை மடிப்புப் பிரிக்காமல் மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம். அதற்கு நான் சொல்கிற வழி இது. உங்களிடம் இருக்கிற சட்டைகளில், உட்கார்ந்தாலும் நின்றாலும் கை நீட்டினாலும் நன்றாக இருக்கிற ஒன்றை எடுத்து விரித்துப் போடுங்கள். கக்கத்துக்குக் கக்கம், நடு வயிற்று அகலம், பின்னால் தோளுக்குத் தோள், இந்த மூன்றை மட்டும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் ஒரு டேப்போடு கடைக்குப் போங்கள். ஸ்லிம்மோ கிளாசிக்கோ, லேபிள் என்ன சொன்னாலும் இந்த மூன்றும் ஒத்துவந்தால் சட்டை உங்களுக்குப் பொருந்தும். விரித்துக் காட்டச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். நான் பார்த்தவரை, டேப்போடு வருகிறவரைக் கடைக்காரர்கள் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள், திரும்பக் கொண்டுவர மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலையே அண்ணனும் மச்சானும் திரும்பக் கடைக்குப் போனார்கள். ஸ்லிம் 44-ஐக் கொடுத்துவிட்டு அதே துணியில் கிளாசிக் 40 எடுத்தார் அண்ணன். மச்சான் ஸ்லிம்மைக் கொடுத்து ரெகுலர் 40. அண்ணனின் சட்டையில் முதுகு நடுவில் பாக்ஸ் பிளீட் இருந்தது, தோள் 18.5, அவர் தோளுக்குக் கால் இன்ச்தான் அதிகம், தெரியவே தெரியாது. அவர் சட்டையில் நான் ஊசியே வைக்கவில்லை. மச்சானுடையதை மட்டும் ஒரு தடவை துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கொண்டுவரச் சொன்னேன், சுருங்க வேண்டியது சுருங்கட்டும், அப்புறம் டார்ட் பிடிக்கலாம் என்று. கல்யாண போட்டோவை போனில் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்று பேரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். மூன்று சட்டையும் வேறு வேறு கட் என்று எனக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. அண்ணன் பந்தியில் உட்கார்ந்திருக்கிற போட்டோவும் அதில் இருந்தது, பட்டன் வரிசை நேராக இருந்தது.